சமையல் குறிப்பிலிருந்து கடைப் பட்டியல்: பொருள் எங்கே விட்டுப்போகிறது?

கேள்வி: வாரம் ஒருமுறைதான் கடைக்குப் போகிறேன். அந்த வாரம் செய்யப்போகிற உணவுகளின் சமையல் குறிப்புகளைப் பார்த்துத்தான் பட்டியல் எழுதுகிறேன். ஆனாலும் சமைக்க நிற்கும்போது ஏதாவது ஒன்று இல்லாமல் போகிறது. கடையின் பகுதிவாரியாகப் பட்டியலைப் பிரித்தால் சரியாகும் என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?

பதில்:

பகுதிவாரியாகப் பிரிப்பது நல்ல பழக்கம். ஆனால் அது பாதிச் சிக்கலைத்தான் தீர்க்கும். பட்டியலில் இருக்கும் பொருளைக் கடையில் எடுக்க மறப்பதை அது தடுக்கும். பட்டியலுக்கே வந்து சேராத பொருளை எந்தப் பிரிவிலும் தேட முடியாது. பல ஆண்டுகளாக நான்கு பேருக்கு வாரப் பட்டியல் போட்டு வருகிறேன். விட்டுப்போன பொருள்களைப் பின்னோக்கிப் பார்த்தபோதெல்லாம், பெரும்பாலானவை சமையல் குறிப்புக்கும் பட்டியலுக்கும் நடுவில்தான் தொலைந்திருந்தன. அதனால் முதலில் அந்த நடுப்பகுதி, அப்புறம் கடைப் பகுதிகள் என்ற வரிசையில் சொல்கிறேன்.

வேலை நான்கு படிகள்: குறிப்பிலிருந்து எடுத்து எழுதுவது, ஒரே பொருளைக் கூட்டுவது, வீட்டில் இருப்பதைக் கழிப்பது, பிறகு பிரிப்பது. இந்த வரிசை மாறக்கூடாது. குறிப்பாகக் கூட்டுவதற்கு முன்னால் கழிக்கக்கூடாது. ஏன் என்பதை ஒரு வாரத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

நான்கு பேருக்கு ஐந்து இரவு உணவு என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காளான் பாஸ்தா, செவ்வாய் கோழி ஸ்டூ, புதன் பருப்பு சூப்பும் ரொட்டியும், வியாழன் முட்டை போட்டு வறுத்த சாதம், வெள்ளி கொண்டைக்கடலை சாலட். கடைக்குப் போவது ஞாயிறு.

இந்த ஐந்தில் வெங்காயம் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். பாஸ்தாவுக்கு 1, ஸ்டூவுக்கு 2, சூப்புக்கு "நறுக்கியது 1 கப்", சாலட்டுக்கு 1. வீட்டுக் கூடையில் 2 வெங்காயம் கிடக்கிறது. ஒவ்வொரு குறிப்பாகப் படித்துக்கொண்டே "இது வீட்டில் இருக்கிறதா?" என்று பார்ப்பவர், பாஸ்தாவுக்கு ஒன்று போதும், இருக்கிறது என்று விட்டுவிடுவார். ஸ்டூவுக்கு இரண்டு, அதுவும் இருக்கிறது. சூப்புக்கு ஒரு கப், சாலட்டுக்கு ஒன்று, இருக்கிறது. நான்கு முறை பார்த்து நான்கு முறையும் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார். பட்டியலில் வெங்காயமே இல்லை. செவ்வாய்க்கிழமை ஸ்டூ செய்யும்போதே ஒன்று குறையும், புதன்கிழமை கூடை காலி. அந்த இரண்டு வெங்காயத்தை நான்கு உணவுகள் பங்கு கேட்டதை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். முதலில் கூட்டியிருந்தால் தேவை 5, கையில் 2, வாங்க வேண்டியது 3 என்று ஒரே வரியில் வந்திருக்கும். மறதி என்று நாம் நினைக்கிற பல விஷயம் இந்த மாதிரிக் கணக்குப் பிழைதான். நினைவாற்றலைக் குறை சொல்லிப் பயனில்லை.

எடுத்து எழுதுவது

ஒவ்வொரு குறிப்பிலிருந்தும் எல்லாப் பொருளையும் எழுதுங்கள். உப்பு, எண்ணெய் உட்பட. "இது எப்போதும் வீட்டில் இருக்கும்" என்று இந்தக் கட்டத்தில் எதையும் தள்ளாதீர்கள். தள்ளுவதற்குத்தான் மூன்றாவது படி இருக்கிறது.

பொருள் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் செய்முறையையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் சில பொருளைச் செய்முறையில் மட்டும் சொல்லிவிட்டுப் போவது உண்டு. "பாஸ்தா வேகவைத்த நீரில் கொஞ்சம் எடுத்து வைக்கவும்" என்றால் கவலையில்லை. "மேலே சீஸ் தூவிப் பரிமாறவும்" என்றால் அது வாங்க வேண்டிய பொருள். சூப் குறிப்பின் கடைசி வரியில் "ரொட்டியுடன் பரிமாறவும்" என்று இருக்கும், பொருள் பட்டியலில் ரொட்டி இருக்காது. "தட்டில் பேக்கிங் தாள் விரித்து", "ஃபாயிலால் மூடி" என்பவையும் செய்முறைக்குள்தான் ஒளிந்திருக்கும். தூவுவது, விரிப்பது, மூடுவது, தொட்டுக்கொள்வது: இந்த நான்கு வினைகளும் வருகிற இடத்தில் நின்று படியுங்கள்.

செய்முறையில் ஒளிந்திருக்கும் இன்னொன்று நேரம். வறுத்த சாதக் குறிப்பு "ஆறிய சாதம் 6 கப்" என்று கேட்கிறது. அப்படியென்றால் புதன் இரவே சோறு வடித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இதைப் பட்டியல் தாளின் பின்பக்கத்தில் "புதன் இரவு: அரிசி" என்று எழுதிவிடுவேன். வாங்கி வைத்தும் சமைக்க முடியாமல் போனால், வாங்க மறந்ததற்கும் அதற்கும் அடுப்படியில் வித்தியாசம் இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த நாளுக்கு என்று ஓர் எழுத்து போடுங்கள்: தி, செ, பு, வி, வெ. இதன் பயன் கடையில்தான் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயரை ஒன்றாக்குவது

கூட்ட வேண்டுமானால் ஒரே பொருளுக்கு ஒரே பெயர் இருக்க வேண்டும். இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கும். ஒரே பொருள் இரண்டு பெயரில் வந்து தனித்தனி வரியாக நிற்பது ஒன்று. வெங்காயத்தாள் என்று ஒரு குறிப்பிலும் ஸ்பிரிங் ஆனியன் என்று இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு கட்டு வாங்கி வந்துவிடுவோம். இது பெரிய நஷ்டமில்லை.

மற்றது மோசம். வேறு வேறு பொருள் ஒரே பெயரில் வந்து ஒரு வரியாகச் சேர்ந்துவிடுவது. தமிழில் எழுதுகிற நமக்கு இது அடிக்கடி நேரும். "கொத்தமல்லி" என்று எழுதினால் அது தழையா, விதையா, பொடியா? "மிளகாய்" என்றால் பச்சையா, வற்றலா, தூளா? மூன்றும் கடையில் மூன்று இடத்தில் இருக்கும். ஒன்றை எடுத்ததும் வரியை அடித்துவிடுவோம், மற்றது அங்கேயே போய்விடும். அதனால் பொருளின் பெயரோடு அது எந்த வடிவில் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுவது என் வழக்கம்: மல்லித்தழை, மல்லித்தூள், பட்டாணி உறைந்தது, பட்டாணி காய்ந்தது. எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த வடிவம்தான். பகுதி பிரிப்பது இங்கேயே பாதி முடிந்துவிடுகிறது.

சேர்க்கக்கூடியதைச் சேர்க்கவும் இதுதான் நேரம். நம் வாரத்தில் ஸ்டூ கோழி ஸ்டாக் 500 மில்லி கேட்கிறது, சூப் காய்கறி ஸ்டாக் 1 லிட்டர் கேட்கிறது. இரண்டுக்கும் காய்கறி ஸ்டாக்கையே வைத்துக்கொண்டால் ஒரே வரி, 1.5 லிட்டர். ஸ்டூவில் கோழியே வேகுவதால் சுவையில் குறை தெரியாது. வரிகள் குறையக் குறைய விட்டுப்போவதும் குறையும். ஆனால் இந்த மாற்றத்தைச் செய்தவுடன் குறிப்பிலும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை கோழி ஸ்டாக்கைத் தேடிக்கொண்டு நிற்போம்.

அளவைக் கடை அளவாக்குவது

குறிப்பு பேசுவது சமையலறை அளவு, கடை விற்பது வேறு அளவு. கப், கரண்டி, பல் என்று எழுதி வைத்தால் கடையில் நின்று கணக்குப் போட வேண்டிவரும், அங்கே அது தவறும். வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். துல்லியம் தேவையில்லை, வாங்கும் அளவுக்குச் சரியாக இருந்தால் போதும்.

நறுக்கிய வெங்காயம் 1 கப் என்பது நடுத்தர வெங்காயம் ஒன்று, ஏறக்குறைய 150 கிராம். ஒரு பூண்டில் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு பல் இருக்கும். நம் வாரத்துக்கு 3, 4, 3, 2 என்று 12 பல், ஆகவே ஒரு முழுப் பூண்டு, அது சின்னதாக இருந்தால் கூடுதலாக ஒன்று. எலுமிச்சை ஒன்றில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சாறு வரும். சூப்புக்கு அரைப் பழம், சாலட்டுக்கு 3 மேசைக்கரண்டி. ஆகவே 2 பழம். தக்காளியைப் பாஸ்தாக் குறிப்பு 800 கிராம் என்கிறது, மற்ற மூன்றும் 2, 2, 3 என்று எண்ணிக்கையில் சொல்கின்றன. நடுத்தரத் தக்காளி ஒன்று 100 முதல் 120 கிராம் என்று வைத்தால் ஏழும் சேர்ந்து முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 1.6 கிலோ என்று எழுதிவிடலாம்.

மூன்று மாற்றங்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் அவற்றில் பிழை வந்தால் பாதிக்குப் பாதி தவறிவிடும். முதலாவது, சமைத்ததா சமைக்காததா என்பது. அரிசி வெந்தால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆறு கப் சாதம் வேண்டுமென்றால் அரிசி 2 கப், ஏறக்குறைய 400 கிராம். இரண்டாவது, டின்னில் உள்ள நீர். கொண்டைக்கடலை 400 கிராம் டின்னை வடிகட்டினால் 240 கிராம் அளவில்தான் கடலை இருக்கும். காய்ந்த கடலை ஊறி வெந்தால் எடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதனால் குறிப்பு இரண்டு டின் கேட்டு, நீங்கள் காய்ந்ததை வாங்குவதானால் 200 முதல் 250 கிராம் போதும். தாளின் பின்பக்கத்தில் "வியாழன் இரவு: கடலை ஊறவை" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, எலும்பு. ஸ்டூ எலும்பில்லாத கோழி 600 கிராம் கேட்கிறது. எலும்போடு வாங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலும்பாகப் போகும், எனவே 900 கிராம்.

கரண்டி அளவுகளுக்குத் தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியக் குறிப்புகளில் மட்டும் மேசைக்கரண்டி 20 மில்லி. நம் வாரத்தில் ஆலிவ் எண்ணெய் பாஸ்தாவுக்கு 2, சாலட்டுக்கு 3, மொத்தம் 5 மேசைக்கரண்டி, அதாவது 75 மில்லி. சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, 45 மில்லி. இதை ஏன் மில்லியில் சொல்கிறேன் என்றால் அடுத்த படிக்கு அது வேண்டும்.

வீட்டில் இருப்பதைக் கழிப்பது

கூட்டிய பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து நினைவாகக் கழிக்கவே கூடாது. டப்பாவைத் திறந்து, பாட்டிலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி "இருக்கிறதா?" என்பதல்ல, "45 மில்லி இருக்கிறதா?" என்பது. ஒரு முறை வறுத்த சாதத்துக்கு எல்லாம் தயாராக வைத்து, கடாயும் சூடாகிவிட்ட பிறகு சோயா சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு தேக்கரண்டிதான் வந்தது. பாட்டில் இருந்ததைப் பார்த்துத்தான் அந்த வாரம் நான் அதை அடித்திருந்தேன். கறுப்பு நிறப் பாட்டில், வெளியிலிருந்து மட்டம் தெரியாது. அன்றிலிருந்து தூக்கிப் பார்க்காமல் எதையும் அடிப்பதில்லை.

இந்த வகைப் பொருள்கள், அதாவது எண்ணெய், சாஸ், மசாலாத் தூள், மாவு, சர்க்கரை எல்லாம் ஒரு நாளில் தீர்ந்துபோவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. அதனால்தான் இவை அதிகம் விட்டுப்போகின்றன. இவற்றுக்கு ஒரு தனி ஏற்பாடு செய்தேன்: கடைசி கால் பங்குக்கு வந்துவிட்டால், அந்த வாரம் தேவையோ இல்லையோ, அடுத்த பட்டியலில் ஏறிவிடும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கால் பங்குக்கு வந்ததைப் பார்த்தவர், யாராக இருந்தாலும், அந்த நேரமே அதில் எழுத வேண்டும். வாரப் பட்டியல் போடும்போது அந்தத் தாளும் ஒரு சமையல் குறிப்பு மாதிரிதான், அதிலுள்ள வரிகளும் கூட்டலில் சேரும். காலை உணவுக்கு முட்டை, பால், குழந்தைகளின் தின்பண்டம் எல்லாம் இந்தத் தாள் வழியாகத்தான் வருகின்றன. நம் வாரத்தில் வறுத்த சாதத்துக்கு முட்டை 4. தாளில் காலை உணவுக்கு 6. ஆகவே பத்து. இந்தக் கூட்டலைச் செய்யாமல் 6 முட்டைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தால் வியாழக்கிழமை தட்டுப்பாடு.

ஃப்ரீசரையும் திறந்து பாருங்கள். உறைந்த பட்டாணி அரைப் பொட்டலம் பின்னால் கிடக்கும்.

இப்போது பகுதிகள்

பிரிப்பதற்கு வருவோம். மனித நினைவு தானாகவே வகைப்படுத்தித்தான் எடுத்துத் தரும். பவுஸ்ஃபீல்ட் என்ற உளவியலாளர் 1953-இல் வெளியிட்ட சோதனையில் விலங்குகள், ஆட்பெயர்கள், தொழில்கள், காய்கறிகள் என நான்கு வகையில் 60 சொற்களைக் கலந்து படித்துக்காட்டினார். கேட்டவர்கள் திருப்பிச் சொன்னபோது ஒரே வகைச் சொற்கள் கொத்துக் கொத்தாக வந்தன. கடையில் காய்கறிப் பக்கம் நிற்கும்போது மனசு காய்கறியைத்தான் தேடும். அந்த நேரத்தில் எலுமிச்சை பட்டியலின் அடியில் சோப்புக்கும் பாலுக்கும் இடையே இருந்தால் கண்ணில் படாது. பகுதிவாரிப் பட்டியல் கண்ணையும் காலையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது.

ஆனால் பகுதி என்பது பொருளின் இயல்பைப் பொறுத்ததல்ல, உங்கள் கடையில் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முட்டை ஒரு கடையில் குளிர்பகுதியில் இருக்கும், இன்னொன்றில் ரொட்டிக்குப் பக்கத்தில். தேங்காய்ப்பால் டின் உணவோடும் இருக்கலாம், சாஸ்களோடும் இருக்கலாம். முந்திரி, பாதாம் தின்பண்டப் பக்கமும் இருக்கும், கேக் செய்யும் பொருள்களின் பக்கமும் இருக்கும். அதனால் முதல் தடவை நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் வாசலிலிருந்து பில் போடும் இடம் வரை ஒரு முறை மெதுவாக நடந்து, பகுதிகளின் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். எட்டு, பத்துக்கு மேல் போகாது. இரண்டு கடைக்குப் போகிறவர் என்றால் கடையின் பெயரே முதல் பிரிவு. காய்கறி ஒரு கடை, மற்றவை இன்னொரு கடை என்றால் இரண்டு தனித் தாள் எழுதுவதுதான் நல்லது.

அந்த வரிசையில் ஒரே ஒரு திருத்தம் செய்வேன். பச்சைக் கோழி, மீன், பால் பொருள்கள், உறைந்தவை எல்லாம் வழியில் எங்கே வந்தாலும் பட்டியலில் கடைசியில்தான் இருக்கும். இவை சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. வெளியில் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். வீட்டுக்கு வரும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் இவற்றைக் கடைசியில் எடுப்பதுதான் கணக்கு.

"இதர பொருள்கள்" என்று ஒரு பிரிவு வைக்காதீர்கள். நான் வைத்திருந்த காலத்தில், விட்டுப்போனவை திரும்பத் திரும்ப அந்தப் பிரிவிலிருந்துதான் போயின. காரணம் எளிது: அந்தப் பிரிவுக்குக் கடையில் இடமே கிடையாது. எந்த அலமாரிக்கு முன்னால் நின்றாலும் அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றாது. எங்கே இருக்கும் என்று தெரியாத பொருள் என்றால், ஒரு பகுதியை ஊகித்து அதன்கீழ் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். அங்கே இல்லையென்றால் கடை ஊழியரிடம் கேட்கலாம். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டால் அடுத்த வாரம் கேள்விக்குறி போய்விடும்.

நம் வாரத்துக்கு, கழித்தது போக, பட்டியல் இப்படி வரும்:

காய்கறி, பழம்
வெங்காயம் 3 – தி செ பு வெ
தக்காளி 1.6 கிலோ – தி செ பு வெ
பூண்டு 1 – தி செ பு வி
கேரட் 6 – செ பு வி
உருளைக்கிழங்கு 500 கிராம் – செ
காளான் 250 கிராம் – தி
வெள்ளரி 2 – வெ
எலுமிச்சை 2 – பு வெ
மல்லித்தழை 1 கட்டு – பு வெ
வெங்காயத்தாள் 1 கட்டு – வி

அரிசி, பருப்பு, பாஸ்தா
பாஸ்தா 400 கிராம் – தி
சிவப்பு மசூர் பருப்பு 300 கிராம் – பு
கொண்டைக்கடலை காய்ந்தது 250 கிராம் – வெ

சாஸ், ஸ்டாக், மசாலா
சோயா சாஸ் 1 பாட்டில் – வி
காய்கறி ஸ்டாக் கட்டி, 1.5 லிட்டருக்கு – செ பு

ரொட்டி
ரொட்டி 1 – பு

குளிர்பகுதி
முட்டை 10 – வி, காலை
கிரீம் 100 மில்லி – தி
சீஸ் 60 கிராம் – தி
கோழி எலும்போடு 900 கிராம் – செ

உறைந்தவை
பட்டாணி உறைந்தது 150 கிராம் – வி

அரிசி, ஆலிவ் எண்ணெய், சீரகம், மிளகு, உப்பு, இஞ்சி ஆகியவை வீட்டில் போதுமான அளவு இருந்ததால் வரவில்லை. இருபத்தொரு வரிகள். இந்த எண்ணிக்கையையும் தாளின் மேலே எழுதிவிடுவேன்.

கோழி செவ்வாய்க்கிழமைக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பச்சைக் கோழியை ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான் வைக்கலாம். ஞாயிறு வாங்கியது செவ்வாய் வரைக்கும் தாங்கும். வியாழனுக்கென்றால் ஃப்ரீசரில் வைத்து, புதன்கிழமை ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். காளான் திங்களன்று, கடலை வெள்ளியன்று என்பதும் இதே கணக்கு. கெட்டுப்போய்த் தூக்கிப்போட்ட பொருளும் சமைக்கும் நேரத்தில் "இல்லாத" பொருள்தான்.

கடையில்

வரியை அடிப்பது பொருள் டிராலிக்குள் விழுந்த பிறகுதான். அலமாரியில் பார்த்தவுடன் அடிக்கக்கூடாது. ஒரு பகுதியை விட்டு நகரும் முன் அந்தப் பிரிவின் எல்லா வரியும் ஒன்று அடிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லை வட்டமிடப்பட்டிருக்க வேண்டும். வட்டம் என்றால் இங்கே கிடைக்கவில்லை என்று அர்த்தம். எந்தக் குறியும் இல்லாத வரி இருந்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

இந்த இடத்தில்தான் நாள் எழுத்துகள் உதவும். காளான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகுதிவாரியாகப் பிரித்த பட்டியல் மட்டும் இருந்தால், காளான் எதற்கு என்பதே நினைவிருக்காது. பக்கத்தில் "தி" என்று இருப்பதால் திங்கட்கிழமை பாஸ்தாதான் அடிபடுகிறது, மற்ற நாலு நாளுக்குப் பாதிப்பில்லை என்று உடனே தெரிகிறது. காளானுக்குப் பதில் கத்தரிக்காய் எடுத்துக்கொள்ளலாம், அல்லது வேறு உணவுக்கு மாறலாம். உணவையே மாற்றினால், பட்டியலில் "தி" மட்டும் உள்ள மற்ற வரிகளைத் தேடுங்கள்: பாஸ்தா, கிரீம், சீஸ். அவற்றையும் வாங்க வேண்டாம். தக்காளியில் 800 கிராம் குறையும். பிரிக்கும்போது உணவோடு இருந்த தொடர்பு அறுந்துபோவதுதான் பகுதிவாரிப் பட்டியலின் பெரிய குறை. ஓர் எழுத்து அந்தத் தொடர்பைக் காப்பாற்றிவிடுகிறது.

பில் போடும் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு நாளின் உணவையும் மனதுக்குள் செய்முறைப்படி ஓட்டிப் பார்ப்பேன். திங்கள்: வெங்காயம், பூண்டு வதக்குகிறேன், தக்காளி, காளான், கிரீம், மேலே சீஸ். ஐந்து உணவுக்கும் இரண்டு நிமிடம் ஆகாது. பட்டியலைத் திரும்பப் படிப்பதைவிட இது பயன் தருகிறது, ஏனென்றால் பட்டியலில் ஏறாமல் போனதையும் இது பிடித்துவிடும்.

கணினியில் செய்ய விரும்பினால்

தாளே போதும். ஆனால் ஒரே உணவுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு கூகுள் ஷீட்ஸ் வேலையைக் குறைக்கும். A நெடுவரிசையில் பொருள், B-இல் அளவு, C-இல் அலகு, D-இல் நாள், E-இல் பகுதி. முதல் வரி தலைப்பு. குறிப்புகளின் பொருள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டாம் வரியிலிருந்து ஒட்டிவிட்டு, G1-இல் இதைப் போடுங்கள்:

```
=QUERY(A2:E200, "select E, A, C, sum(B) where A is not null group by E, A, C order by E", 0)
```

பகுதிவாரியாகப் பிரித்து, கூட்டிய பட்டியல் G முதல் J வரை வரும். நாள் எழுத்துகளுக்கு K2-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்:

```
=TEXTJOIN(" ", TRUE, FILTER(D$2:D$200, A$2:A$200=H2))
```

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். பகுதிகளை உங்கள் கடை வரிசைப்படி வரவைக்க 01 காய்கறி, 02 அரிசி என்று முன்னால் எண் போட வேண்டும். வெறும் 1, 2 என்று போட்டால் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும். அடுத்து, அளவு நெடுவரிசையில் "தேவைக்கு" என்று எழுதினால் பொருளின் பெயர் வரும், அளவு காலியாக இருக்கும். பட்டியலில் அளவு காலியாக உள்ள வரி தெரிந்தால் மூல வரியைப் போய்ப் பாருங்கள். அதேபோல் தக்காளி ஒரு வரியில் கிராமிலும் இன்னொரு வரியில் எண்ணிக்கையிலும் இருந்தால் இரண்டு வரியாகவே வரும். அதைப் பார்த்ததும் அலகை ஒன்றாக்கிவிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பொருள் இரண்டாகப் பிரியும். வெள்ளரி, வெள்ளரிக்காய் என்று அருகருகே இரண்டு வரி நிற்பது கண்ணுக்கு உடனே தெரியும், ஏனென்றால் இரண்டும் ஒரே பகுதியில்தான் இருக்கும்.

வார முடிவில் பட்டியலைக் கிழித்துப்போடாதீர்கள். அந்த வாரம் எது இல்லாமல் போனது, எது மிஞ்சியது என்று தாளின் ஓரத்தில் இரண்டு சொல் எழுதி வைத்துக்கொண்டு, இல்லாமல் போன பொருள் நான்கு படிகளில் எங்கே தொலைந்தது என்று பாருங்கள். எடுத்து எழுதவே இல்லையா, பெயரில் கலந்ததா, பார்க்காமல் கழித்தீர்களா, கடையில் விட்டீர்களா? நாலைந்து வாரத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அது கழிக்கும் இடமாக இருந்தது. உங்களுக்கு வேறு இடமாக இருக்கலாம்.